போர்ட்டல் ஏறவில்லை, கெடு நாளை: தபாலில் அனுப்பினால் செல்லுமா?

கேள்வி: தேவகோட்டையில் கண்டாங்கிச் சேலை வியாபாரம் செய்கிறேன். வரி கேட்டு வந்த DRC-01 என்ற ஜிஎஸ்டி நோட்டீசுக்குப் பதில் தர நாளைதான் கடைசி. போர்ட்டலில் ஏறவே மாட்டேன் என்கிறது. மதுரையில் இருக்கும் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் செல்லுமா? ஆதாரமாக எதை வைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: அனுப்புங்கள், ஆனால் தபாலோடு நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பதிலை DRC-06 படிவத்தில் போர்ட்டல் வழியாகத்தான் தரவேண்டும் என்பது விதி. தபால் அதற்கு மாற்று ஆகாது. கெடுவுக்குள் பதில் தயாராக இருந்தது, அனுப்பியும் விட்டீர்கள் என்பதற்கு அது சாட்சி. நாளைக்கு "பதில் வரவில்லை" என்று எழுதி உத்தரவு போட்டால், மேல்முறையீட்டில் நீங்கள் நீட்டப் போவது இந்தச் சாட்சியைத்தான்.

முதலில் கோப்பைப் பாருங்கள். ஒரு கோப்பு 5 எம்பிக்கு மேல் போனால் ஏறாது. பில்களை கலரில் ஸ்கேன் செய்திருந்தால் கருப்பு வெள்ளையில் மறுபடி எடுங்கள். கோப்பின் பெயரில் புள்ளி, கமா, அடைப்புக்குறி இருந்தால் நீக்கிவிடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பிழைச் செய்தியைப் படமெடுங்கள். பெட்டியை மட்டும் வெட்டி எடுக்காமல், மேலே முகவரிப் பட்டையும் கீழே கணினியின் தேதி, நேரமும் தெரிகிற மாதிரி முழுத் திரையாக எடுங்கள். selfservice.gstsystem.in தளத்தில் புகார் பதிவு செய்து டிக்கெட் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி தபால். 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். அதனால் கவுண்டரில் "ஸ்பீடு போஸ்ட், ரெஜிஸ்ட்ரேஷனும் டெலிவரி அத்தாட்சியும் சேர்த்துப் போடுங்கண்ணே" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் வெறும் ஸ்பீடு போஸ்ட்டாகப் போய்விடும். முகவரியில் அதிகாரியின் பெயரை விடப் பதவி முக்கியம், ஆள் மாறியிருக்கலாம். நோட்டீசில் உள்ளபடியே எழுதி, உறையின் மேல் நோட்டீஸ் எண்ணையும் உங்கள் ஜிஎஸ்டி எண்ணையும் போடுங்கள்.

ரசீதை வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் படியுங்கள். பெறுநர் பதவி, ஊர், பின்கோடு மூன்றும் சரியா? மதுரைப் பின்கோடு 625 என்று தொடங்கும், நம் பக்கம் 630. அவசரத்தில் 625002 என்பதை 630002 என்று தட்டிவிட்டால், கெடு நாளில் தபால் காரைக்குடிப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும். அப்புறம் ரசீதிலேயே முகவரி தப்பு என்று எதிர்த்தரப்பு சுலபமாகச் சொல்லிவிடும். ரசீது எழுத்து மங்கிவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். உறை போனது என்பதற்குத்தான் தபால் ரசீது ஆதாரம், உள்ளே என்ன இருந்தது என்று அது சொல்லாது. வந்த உறையில் முகப்புக் கடிதம் மட்டும்தான் இருந்தது என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? அதனால் பதிலையும் இணைப்புகளையும் சேர்த்து, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை தொடர் எண் போடுங்கள். முகப்புக் கடிதத்தில் "பக்கம் 1 முதல் 4 பதில், 5 முதல் 19 கொள்முதல் பில்கள், 20 முதல் 23 வங்கிக் கணக்கு" என்று எழுதுங்கள். போர்ட்டல் ஏறாத நேரம், டிக்கெட் எண் ஆகியவற்றோடு, நேரில் விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் அதே கடிதத்தில் சேருங்கள். எழுத்தில் கேட்டால் நேர் விசாரணை தந்தாக வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 75(4) பிரிவு.

கையெழுத்திட்ட மொத்தத்தையும் ஒட்டுவதற்கு முன்பே ஸ்கேன் செய்து வையுங்கள். தபால் போட்டு வந்த அன்றே, நோட்டீசில் உள்ள மின்னஞ்சலுக்கு அந்த ஸ்கேனை அனுப்பி, தபால் ரசீதின் எண்ணையும் அதில் எழுதுங்கள். உறைக்கும் உள்ளிருப்பதற்கும் தேதியோடு முடிச்சுப் போடுவது இந்த மின்னஞ்சல்தான். அதை நீக்கிவிடாதீர்கள்.

டெலிவரி ஆனதா என்று இந்திய அஞ்சல் தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். டெலிவரி ஆனது என்று வந்ததும் அந்தப் பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டால் பழைய விவரம் தளத்தில் கிடைக்காமல் போகலாம். பெற்றவர் கையெழுத்தோடு அத்தாட்சி வந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். வரவில்லை என்றால் ரசீதோடு தபால் நிலையத்தில் எழுத்தில் கேளுங்கள்.

மதுரைக்குப் போய்வர முடியுமானால், இன்னொரு பிரதியை நாளைக்கே அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள். தபாலை விட அது பலமான ஆதாரம். போட்ட தபாலை அதற்காக நிறுத்த வேண்டாம்.

போர்ட்டல் திறந்ததும், கெடு தாண்டியிருந்தாலும், உத்தரவு வராதவரை DRC-06-ஐ ஏற்ற முயலுங்கள். அப்போது தபால் ரசீது, மின்னஞ்சல், பிழைப் படங்கள் மூன்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி இணையுங்கள்.