கொம்புக் கடற்பாசி: சூப்பில் ஒரு துண்டு, தைரொயிட்டில் என்ன நடக்கும்?

கேள்வி: தைரொயிட்டுக்கு நல்லதென்று அக்கா வெளிநாட்டிலிருந்து ‘கொம்பு’ என்ற காய்ந்த கடற்பாசி அனுப்பியிருக்கிறா. தினமும் சூப்பில் போடலாமா? நோன்புக்குக் காய்ச்சும் கடல்பாசியிலும் இதே அயடீன் இருக்கா? (திருகோணமலை)

தினமும் வேண்டாம். கொம்பில் (பெயர் ஜப்பானியச் சொல், மாட்டுக் கொம்போடு தொடர்பில்லை) அயடீன் நிறைய உண்டு, சிக்கலே அதுதான். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். காய்ந்த கொம்பு ஒரு கிராமில் சுமார் 2000 மைக்ரோகிராம் இருக்கும். வளர்ந்த கடலைப் பொறுத்துக் கூடும், குறையும். 2 கிராம் துண்டு ஒன்றைப் போட்டால் 4000 மைக்ரோகிராம், அதாவது ஏறக்குறைய நான்கு வாரத் தேவை ஒரே சட்டியில். அமெரிக்காவில் நாளொன்றுக்கான உச்ச வரம்பே 1100, ஐரோப்பாவில் 600.

துண்டை எடுத்தெறிந்துவிட்டுச் சூப்பைக் குடித்தாலும் தப்ப முடியாது. கால் மணி நேரம் கொதித்தாலே அயடீனில் பெரும்பகுதி தண்ணீருக்கு இறங்கிவிடும். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பாசியைத் தின்றால் அயடீன் வெகுவாகக் குறையும், ஆனால் ருசியும் அதோடு போய்விடும்.

நோன்புக் கடல்பாசி வேறு சாமான். சிவப்புப் பாசியைக் காய்ச்சி வடித்து எடுக்கும் ஜெலி அது, அயடீன் சொற்பமே. கொம்பு குளிர்கடலில் வளரும் பழுப்புப் பாசி, எங்கள் கொட்டியாரக் குடாவில் முளைக்காது.

இனி, கூடினால் ஏன் கெடுதல்? அயடீன் திடீரெனக் குவிந்தால் தைரொயிட் சுரப்பி ஹோர்மோன் செய்வதைத் தானே நிறுத்திக்கொள்ளும். சுகமான சுரப்பி சில நாட்களில் அயடீனை உள்ளே இழுக்கும் வாசலைச் சுருக்கி, பழையபடி வேலையைத் தொடங்கிவிடும். உடலின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய் உள்ளவர்களிலும் பச்சைக் குழந்தைகளிலும் இந்த மீட்சி தவறிப்போகலாம். அப்போது ஹோர்மோன் குறைந்து களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முகவீக்கம் வரும். தாய்ப்பாலிலும் அயடீன் இறங்கும் என்பதால் பிள்ளை பெற்ற வீட்டில் கொம்புச் சூப் கூடவே கூடாது. கழுத்தில் நெடுநாள் கட்டி உள்ளவர்களுக்கோ எதிர்மாறு நடக்கலாம்: கட்டி கிடைத்த அயடீனையெல்லாம் ஹோர்மோனாக்க, நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடல் மெலியும்.

‘தைரொயிட்டுக்கு நல்லது’ என்பது அயடீன் குறைந்தவருக்குத்தான் பொருந்தும். இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டம். அந்த உப்பும் மீனும் சேரும் திருகோணமலைச் சமையலில் பற்றாக்குறைக்கு வாய்ப்புக் குறைவு.

ஏற்கனவே சில வாரம் குடித்திருந்தால் நிறுத்திவிட்டு TSH, Free T4 என்ற இரண்டு தைரொயிட் இரத்தப் பரிசோதனைகளையும் செய்து பாருங்கள். கொம்பு குடித்ததை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அயடீன் மட்டுமே காரணமென்றால் நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் தானாகச் சீராகும் என்பதால், ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு முடிவெடுப்பார். ஏற்கனவே தைரொக்சின் குளிசை எடுப்பவராக இருந்தால் அதை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.