எந்தக் கடன், எந்தத் தேதி முதல்?

அன்புள்ள ஐயா,

சிறிய அச்சகம் நடத்துகிறேன். இயந்திரம் வாங்க எடுத்த கடனின் ஸ்டேட்மென்டை ஆடிட்டர் கேட்கிறார். வங்கி மேலாளருக்கு எழுதிய மின்னஞ்சல் கீழே உள்ளது. அனுப்பும் முன் பிழை திருத்தித் தர முடியுமா?

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, தங்கள் கிளையில் நீண்ட நாள் வாடிக்கையாளராக உள்ளேன். கடந்த வருட லோன் ஸ்டேட்மென்ட் தேவைபடுகிறது. மார்ச் மாத தவனை இரு முறை பிடித்தது போல் தெரிகிறது. கடனை சீக்கிரம் முடிக்கலாம் என்றும் எண்ணம் உள்ளது. விபரம் உடனே அனுப்பவும்."

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எழுத்துப்பிழைகளை முதலில் முடித்துவிடுவோம். தேவைப்படுகிறது, மாதத் தவணை, கடனைச் சீக்கிரம். அவ்வளவுதான். "உடனே அனுப்பவும்" மட்டும் கொஞ்சம் அதட்டலாக ஒலிக்கிறது. எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டால் அந்தச் சொல்லே தேவைப்படாது.

நான் அதிகம் கவலைப்படுவது கடைசிக்கு முந்தைய வாக்கியத்தைப் பற்றி. கடனை முடிக்கும் எண்ணம் என்று படித்ததும், அங்கே இருப்பவர் நீங்கள் கேட்பது கடனை அடைத்து மூடுவதற்கான தொகை என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தாளில் இன்ன தேதி வரை இவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று இருக்கும். ஆண்டு முழுவதும் நீங்கள் கட்டிய தவணைகள் அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆடிட்டருக்கு அதனால் பயன் குறைவு. இரட்டைப் பிடித்தம் பற்றிய வரி இன்னொரு பக்கம் இழுக்கிறது. அது புகார். அதை விசாரித்து முடிக்கும்வரை ஸ்டேட்மென்டும் காத்திருக்க நேரலாம். ஒரு மின்னஞ்சலில் மூன்று வேலை வேண்டாம்.

அடுத்து, "கடந்த வருடம்". ஜனவரி முதல் டிசம்பர் வரையா, ஏப்ரல் முதல் மார்ச் வரையா, இன்றிலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு மாதமா? மூன்றுக்கும் இடமிருக்கிறது. ஆடிட்டரிடம் கேட்டு இரு முனைத் தேதிகளையும் எழுதுங்கள். ஒரே வங்கியில் நடப்புக் கணக்கும் இருக்கும் என்பதால், எந்தக் கணக்கு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று ஆடிட்டர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டியது. நீங்கள் கட்டும் ஒவ்வொரு தவணையிலும் வட்டி ஒரு பகுதி, அசல் ஒரு பகுதி. வட்டி செலவுக் கணக்கில் போகும். அசல், கடன் பாக்கியைக் குறைக்கும். மொத்தமாகத் தவணைத் தொகை மட்டும் தெரிந்தால் அவரால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஸ்டேட்மென்டில் இந்தப் பிரிப்பு இல்லாமலும் வரலாம். அதனால் வட்டிச் சான்றிதழையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். இதுவும் அதே காலத்துக்கான அதே கடனின் தாள் என்பதால் வேலை சிதறாது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். தேதிகளும் எண்ணும் உதாரணத்துக்கு.

பொருள்: கடன் ஸ்டேட்மென்ட் வேண்டுதல், 01.04.2024 முதல் 31.03.2025 வரை

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் அச்சகத்தின் பெயரில் உள்ள இயந்திரக் கடன் கணக்கிற்கு (கடைசி நான்கு இலக்கம் 4471) மேற்கண்ட காலத்துக்கான ஸ்டேட்மென்டும், அதே காலத்துக்கான வட்டிச் சான்றிதழும் தேவைப்படுகின்றன. ஆண்டுக் கணக்கு முடிக்க ஆடிட்டர் கேட்டிருக்கிறார். வரும் 20ஆம் தேதிக்குள் இந்த மின்னஞ்சலுக்கே பிடிஎஃப் ஆக அனுப்பினால் உதவியாக இருக்கும். படிவம் ஏதும் தர வேண்டியிருந்தால் தெரிவியுங்கள்.

நன்றி.
(பெயர், அச்சகத்தின் பெயர், பதிவு செய்த கைபேசி எண்)

நீண்ட நாள் வாடிக்கையாளர் என்ற வரியை எடுத்துவிட்டேன். உங்கள் கணக்கின் தாளை நீங்கள் கேட்பதற்கு அந்தச் சிபாரிசு தேவையில்லை. வங்கியில் பதிவு செய்திருக்கும் மின்னஞ்சல் முகவரியிலிருந்தே அனுப்புங்கள். வேறு முகவரியிலிருந்து போனால், கேட்பவர் யார் என்று உறுதி செய்ய முடியாமல் பதில் நின்றுவிடலாம். முழுக் கணக்கு எண்ணை அவர்கள் கேட்டால், தொலைபேசியிலோ நேரிலோ சொல்லிக்கொள்ளலாம்.

தாள் வந்ததும் முதல் நாள் பாக்கியையும் கடைசி நாள் பாக்கியையும் பாருங்கள். முந்தைய ஆண்டுக் கணக்கில் ஆடிட்டர் காட்டிய கடன் பாக்கியும் இந்த முதல் நாள் பாக்கியும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் தேதி தவறியிருக்கலாம், அல்லது வேறு கணக்கின் தாள் வந்திருக்கலாம். இரண்டும் இல்லை என்றால் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் மார்ச் தவணை. கடன் ஸ்டேட்மென்டையும் நடப்புக் கணக்கு ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடப்புக் கணக்கில் இரண்டு முறை போயிருந்து, கடன் கணக்கில் இரண்டு முறையும் வரவாகியிருந்தால், பணம் கடனில்தான் சேர்ந்திருக்கிறது. கூடுதலாகப் போனதை என்ன செய்வது என்று மட்டும் கேட்கலாம். கடன் கணக்கில் ஒரு வரவுதான் இருக்கிறது, நடப்புக் கணக்குக்கும் பணம் திரும்பி வரவில்லை என்றால், இரண்டு பிடித்தங்களின் தேதியையும் தொகையையும் குறிப்பிட்டுத் தனி மின்னஞ்சலாகப் புகார் எழுதுங்கள். அதில் இரண்டு ஸ்டேட்மென்டுகளின் அந்தப் பக்கங்களையும் இணைத்துவிடுங்கள்.