எல்.சி.எல். சரக்கின் டிராக்கிங் கொழும்பில் நின்றுபோனால் ஃபார்வர்டரிடம் எதைக் கேட்க வேண்டும்

கேள்வி: முதல் முறையாக ஐரோப்பாவுக்கு எல்.சி.எல். முறையில், அதாவது பலருடைய சரக்கோடு சேர்த்து ஒரே கன்டெய்னரில், சரக்கு அனுப்பினேன். மூன்று வாரமாக, சரக்கை அனுப்பித் தரும் ஃபார்வர்டர் ஆவணங்களும் சரியான டிராக்கிங் எண்ணும் தராமல் இழுக்கிறார். என்ன கேட்டு எப்படி எழுதினால் தருவார்?

பதில்: உங்களிடம் இப்போது ஹவுஸ் பி.எல். எண் ஒன்று மட்டும் இருக்கும் என்றும், அதைக் கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்து ஒன்றும் வராமல் இருந்திருக்கும் என்றும் நினைக்கிறேன். அது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஹவுஸ் பி.எல். என்பது உங்கள் ஃபார்வர்டரோ, அவருக்கு மேலுள்ள கன்சாலிடேட்டரோ சரக்கைப் பெற்றுக்கொண்டதற்காக உங்களுக்கு எழுதித் தரும் கப்பல் சரக்குச் சீட்டு. பலருடைய சரக்கையும் ஒரே கன்டெய்னரில் ஏற்றும் அந்தக் கன்சாலிடேட்டருக்குக் கப்பல் நிறுவனம் தருவது மாஸ்டர் பி.எல். கப்பல் நிறுவனத்தின் தளத்துக்குத் தெரிந்தவை மாஸ்டர் பி.எல். எண், கன்டெய்னர் எண் போன்றவையே. உங்கள் ஹவுஸ் எண் அங்கே எந்தப் பதிவிலும் இருக்காது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சேலம் அம்மாபேட்டையில் சிறிய அளவில் சமையலறைத் துண்டுகளும் மேசை விரிப்புகளும் நெய்வித்து அனுப்புகிறேன். ஹாம்பர்க்குக்கு அனுப்பிய முதல் சரக்கு 42 பெட்டிகள், சுமார் 3.6 கன மீட்டர். லாரியில் சென்னைக்கு, சரக்குகளைச் சேர்த்துக் கன்டெய்னரில் ஏற்றும் கிடங்கான சி.எஃப்.எஸ்.ஸுக்குக் கொண்டுபோய் ஒப்படைத்தோம். கப்பல் கிளம்பி ஆறு நாள் கழித்து, பலமுறை தொலைபேசியில் கேட்ட பிறகு, ஃபார்வர்டர் கன்டெய்னர் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அந்த எண்ணைப் போட்டதும் தளம் திறந்தது, மனதுக்கு நிம்மதியாக இருந்தது. கப்பல் கொழும்பை அடைந்ததாகவும் கன்டெய்னர் இறக்கப்பட்டதாகவும் காட்டியது. அதற்கு நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது, அதே கன்டெய்னர் காலியாகத் திருப்பி ஒப்படைக்கப்பட்டது என்று வந்திருந்தது.

ஹாம்பர்க்குக்குப் போக வேண்டிய கன்டெய்னர் கொழும்பிலேயே காலியாகிவிட்டது என்றால் என் 42 பெட்டிகளும் எங்கே போயின என்று எனக்கு விளங்கவில்லை. வாங்குபவரும் அதே தளத்தைப் பார்த்துவிட்டு அன்று மாலையே கடிதம் எழுதிவிட்டார். ஃபார்வர்டரோ ‘சரக்கு வழியில் இருக்கிறது’ என்ற ஒரே பதிலைச் சொன்னார். பிறகு சி.எஃப்.எஸ்.ஸில் அறிமுகமான ஒருவர் வழியாகக் கன்சாலிடேட்டரின் ஆவணப் பிரிவில் பேசியபோதுதான் விவரம் தெரிந்தது. சென்னையிலிருந்து ஹாம்பர்க்குக்கு ஒரு கன்டெய்னர் நிறையும் அளவுக்குச் சிறு சரக்குகள் சேராத வாரங்களில், பல ஊர்களுக்கான சரக்கை ஒரே கன்டெய்னரில் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ அனுப்பி, அங்கே பிரித்து, ஹாம்பர்க்குக்கான பெட்டிகளை மட்டும் வேறொரு கன்டெய்னரில் மறுபடி ஏற்றுவார்கள். அதனால் முதல் கன்டெய்னரின் எண் என் சரக்கைப் பொறுத்தவரை கொழும்போடு முடிந்துவிட்டது. அதற்கு மேல் வேண்டியது இரண்டாவது கன்டெய்னரின் எண், இரண்டாவது மாஸ்டர் பி.எல். எண், கப்பலின் பெயர், புறப்படும் தேதி ஆகியவை. என் பெட்டிகள் அடுத்த கன்டெய்னருக்காகக் கொழும்புக் கிடங்கில் 11 நாள் காத்திருந்தன.

ஃபார்வர்டர் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவருக்கே தெரியாது என்பதுதான் உண்மை. அவர் என் சரக்கை, இடையில் வாங்கிச் சேர்த்துக் கொடுக்கும் ஒரு கோ-லோடரிடம் கொடுத்திருக்கிறார், கோ-லோடர் கன்சாலிடேட்டரிடம் கொடுத்திருக்கிறார். ஒவ்வொருவரும் தமக்கு மேலுள்ளவரிடம் கேட்டுத்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இதைப் படிக்கும் ஃபார்வர்டிங் துறை நண்பர்கள் வருத்தப்பட வேண்டாம். கோ-லோடிங் தவறான முறை அல்ல, அது இல்லாவிட்டால் என்னைப் போன்ற சிறு ஏற்றுமதியாளருக்கு அந்தக் கட்டணத்தில் இடம் கிடைக்காது. சரக்கு எத்தனை கை மாறுகிறது என்பதை முன்பே சொல்லியிருந்தால் வாங்குபவருக்கு நானும் முன்பே சொல்லியிருப்பேன், அவ்வளவுதான் என் குறை. முழுக் கன்டெய்னர் அனுப்புகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. வழியில் கப்பல் மாறினாலும் கன்டெய்னர் எண் மாறாது.

இனி உங்கள் கடிதம். ‘ஆவணங்களையும் டிராக்கிங்கையும் அனுப்புங்கள்’ என்று பொதுவாக எழுதினால் ஹவுஸ் பி.எல்.லின் நகல் ஒன்றை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். விற்பனைப் பிரிவில் உங்களோடு பேசியவருக்கு மட்டும் எழுதாமல், ஆவணப் பிரிவின் முகவரிக்கும் சேர்த்து எழுதுங்கள். தலைப்பிலேயே உங்கள் இன்வாய்ஸ் எண், ஏற்றுமதிக்காகச் சுங்கத் துறையிடம் கொடுத்த ஷிப்பிங் பில்லின் எண், ஹவுஸ் பி.எல். எண், மொத்தப் பெட்டிகள் ஆகியவற்றைக் குறித்துவிட்டால் தேடிப் பார்க்க வேண்டும் என்று தள்ளிப்போட முடியாது. உள்ளே, சரக்கு நேரடியாகப் போகிறதா, இடையில் எந்தத் துறைமுகத்தில் பிரிக்கப்படுகிறது, ஒவ்வொரு கட்டத்துக்கும் கன்டெய்னர் எண்ணும் மாஸ்டர் பி.எல். எண்ணும் கப்பலின் பெயரும் என்ன என்று தனித்தனியாகக் கேளுங்கள். மாஸ்டர் பி.எல்.லின் நகலைக் கேட்காதீர்கள். அதில் அவர்களுடைய வியாபார உறவுகள் தெரிந்துவிடும் என்பதால் மறுப்பார்கள், அது நியாயமும்கூட. எண் மட்டும் போதும் என்று எழுதியதும் எனக்கு மறுநாளே கிடைத்தது.

மூல பி.எல். மூன்று பிரதிகளை எந்தத் தேதியில் கையொப்பமிட்டுத் தருவார்கள் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். கட்டணம் பாக்கி இருந்தால் அவர்கள் அதை நிறுத்தி வைப்பது வழக்கம் என்பதால், பணம் கட்டிய வங்கிக் குறிப்பு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். வாங்குபவரின் வங்கி தந்த கடன் கடிதத்தின்பேரில் அனுப்பியிருந்தால், அதில் வேறு கெடு சொல்லப்படாத வரை, கப்பலேறிய தேதியிலிருந்து 21 நாட்களுக்குள் வங்கியில் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள், ஆகவே இதை இன்றே பாருங்கள்.

பலரும் கேட்க மறக்கும் ஒன்று இ.ஜி.எம். எண்ணும் தேதியும். எந்தெந்த ஷிப்பிங் பில்லின் சரக்கு கப்பலில் ஏறியது என்று சுங்கத் துறைக்குக் கொடுக்கும் பட்டியல் அது. அதில் உங்கள் சரக்கு சரியாகப் பதிவாகாவிட்டால் ஏற்றுமதிக்காகச் சுங்கத் துறை திருப்பித் தரும் டிராபேக் தொகையும் வராது, ஐ.ஜி.எஸ்.டி. வரி கட்டி அனுப்பியிருந்தால் அந்தத் தொகையும் திரும்பாது. இரண்டு மாதம் கழித்தும் டிராபேக் வராததால் சுங்கத் துறையின் ICEGATE தளத்தில் ஷிப்பிங் பில் எண்ணும் தேதியும் துறைமுகமும் கொடுத்துப் பார்த்தேன். ஏற்றுமதிக்குச் சுங்க அனுமதி கிடைத்த லெட் எக்ஸ்போர்ட் தேதி இருந்தது, இ.ஜி.எம். பகுதியில் பிழை என்றிருந்தது. விசாரித்தபோது, 42 பெட்டிகளை 24 என்று யாரோ மாற்றித் தட்டச்சு செய்திருந்தார்கள். அதைத் திருத்த நான் சுங்க அலுவலகம் போய்ப் பயனில்லை, பட்டியலைக் கொடுத்த தரப்பே திருத்த மனு கொடுக்க வேண்டும். ஃபார்வர்டர், கோ-லோடர், கன்சாலிடேட்டர் என்று அதே வரிசையில் கடிதம் ஏறி இறங்கி ஐந்து வாரம் ஆயிற்று, அதற்குப் பிறகே பணம் கணக்கில் வந்தது. இப்போதெல்லாம் கப்பல் கிளம்பிய பத்தாம் நாள் இ.ஜி.எம். எண்ணைக் கேட்டு வாங்கி, பெட்டிக் கணக்கை நானே ஷிப்பிங் பில்லோடு ஒத்துப் பார்த்துவிடுகிறேன்.