வெப்பநிலை விலகல்: ஒரே ஆண்டுக்கு இரண்டு எண்கள் ஏன்?

"2024இல் பூமி 1.6 பாகை கூடச் சூடானது என்கிறார்கள். வேறோர் இடத்தில் 0.72 என்றிருக்கிறது. எது சரி?"

இரண்டும் சரி. ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் காலநிலைச் சேவையே இரண்டையும் வெளியிட்டது. விலகல் என்பது ஓர் இடத்தின் வழமையான சராசரிக்கும் இப்போதைய வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம். யாழ்ப்பாணத்தின் 30 ஆண்டு மே மாதச் சராசரி 30 பாகை என்று வைப்போம். இந்த மே 30.6 என்றால் விலகல் 0.6. நுவரெலியாவை அதன் சொந்தச் சராசரியோடுதான் ஒப்பிடுவார்கள். குளிரூரையும் வெக்கையூரையும் ஒரே கணக்கில் சேர்க்க முடிவது இதனால்தான்.

சரி, எந்த ஆண்டுகளின் சராசரி? 1850–1900 என்றால் 1.6. ஏற்கெனவே சூடேறிவிட்ட 1991–2020 என்றால் 0.72. கோடையில் கிணற்றுக்குள் கயிறு விட்டு அளந்து பாருங்கள்: கட்டின் விளிம்பிலிருந்து 18 அடி, நிலமட்டத்திலிருந்து 15 அடி. தண்ணீர் நிற்பது ஒரே இடத்தில்தான்.

சின்ன எண்ணைப் பார்த்து வெப்பமாதல் பாதியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், மிச்ச 0.88 பாகை எங்கும் போகவில்லை, புதிய சராசரிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.