நிறுத்திவைத்த பணத்தை எங்கே கழிப்பது?

கேள்வி: பி.காம். இறுதியாண்டு படிக்கிறேன் மேடம். கட்டட ஒப்பந்தக் கணக்கு ஒன்றில் ஒப்பந்த விலை 50 லட்சம். இதுவரை கைக்கு வந்த பணம் 16 லட்சம், அது சான்றளிக்கப்பட்ட பணியில் 80 சதவீதம். சான்றளிக்கப்படாத பணியின் அடக்கம் 60,000. ஆண்டு முடிவுவரை ஆன செலவு 17 லட்சம். பிடித்து வைத்த தொகையைக் கழித்துப் போட்டால் எனக்கு 40,000 நட்டம் வருகிறது. புத்தகத்தில் 96,000 லாபம் என்று இருக்கிறது. எங்கே தவறினேன்?

பதில்: தவறு ஒரே இடத்தில்தான், தம்பி. வந்த பணத்தையே வேலையின் மதிப்பாக எடுத்துவிட்டீர்கள்.

கட்டடம் நடக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பொறியாளர் வந்து முடிந்த வேலையை அளந்து, இவ்வளவு ரூபாய்க்கு வேலை முடிந்திருக்கிறது என்று சான்றிதழ் தருகிறார். அந்தத் தொகை ஒப்பந்த விலைப்படி போடப்பட்டது. ஒப்பந்ததாரரின் லாபமும் அதற்குள்ளேயே இருக்கிறது. பில் போட்டதும் வேலை கொடுத்தவர் முழுப் பணத்தையும் தருவதில்லை. பின்னால் விரிசல், ஒழுகல் என்று ஏதாவது வந்தால் சரிசெய்ய வைக்கவேண்டுமே என்று ஒரு பகுதியை நிறுத்திக்கொள்கிறார். அதுதான் ரிட்டென்ஷன் மணி. வேலை முடிந்துவிட்டது, பணம் மட்டும் பாக்கி. ஆகவே அது செலவும் அல்ல, வேலையின் மதிப்பில் குறைவும் அல்ல.

உங்கள் கணக்கில் 80 சதவீதம் 16 லட்சம் என்றால் சான்றளிக்கப்பட்ட பணி 20 லட்சம். பிடித்தம் 4 லட்சம். (16 லட்சத்தின் மேல் 20 சதவீதம் கூட்டி 19,20,000 என்று எழுதுகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் விடைத்தாளில் பார்க்கிறேன். 16 லட்சத்தை 0.80 ஆல் வகுக்க வேண்டும்.) இந்த 20 லட்சத்தோடு சான்றளிக்கப்படாத பணி 60,000 சேர்த்தால் 20,60,000. செலவு 17 லட்சத்தைக் கழித்தால் இதுவரை நடந்த வேலையின் உத்தேச லாபம், அதாவது நோஷனல் லாபம், 3,60,000.

சான்றளிக்கப்படாத பணியை மட்டும் ஏன் அடக்க விலையில் எடுக்கிறோம்? அதை இன்னும் யாரும் அளந்து ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாத வேலையில் லாபம் காட்ட முடியாது.

அடுத்து, 3,60,000-இல் எவ்வளவு லாப நட்டக் கணக்குக்குப் போகலாம்? இங்கே ஒப்பந்த விலையோடு ஒப்பிட வேண்டியது சான்றளிக்கப்பட்ட பணியை, வந்த பணத்தை அல்ல. 50-க்கு 20, அதாவது 40 சதவீதம். கால் பங்குக்குக் குறைவாக இருந்தால் லாபமே எடுப்பதில்லை. கால் பங்கிலிருந்து பாதிக்குக் குறைவாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு. பாதியைத் தொட்டுவிட்டால் மூன்றில் இரண்டு. அதை மறுபடியும் வந்த பணத்தின் விகிதத்தால் குறைக்கிறோம்:

3,60,000 × 1/3 × 80/100 = 96,000

நிறுத்திவைத்த பணத்துக்கான எச்சரிக்கை இந்த 80/100-இல்தான் இருக்கிறது. முதலிலேயே 4 லட்சத்தைக் கழித்தவர் ஒரே பணத்துக்கு இரண்டு முறை தண்டம் கட்டுகிறார். உங்கள் 40,000 நட்டம் வந்த வழி அதுதான்.

உங்கள் கணக்கில் பணத்தை வைத்துப் பார்த்தாலும் 32 சதவீதம், அதே மூன்றில் ஒன்றுதான். அதனால் அந்தத் தவறு வெளியே தெரியாது. சான்றளிக்கப்பட்ட பணி 26 லட்சம், வந்தது 20,80,000 என்று வைத்துப் பாருங்கள். பணியின்படி 52 சதவீதம், மூன்றில் இரண்டு. பணத்தின்படி 41.6 சதவீதம், மூன்றில் ஒன்று. எடுக்கும் லாபம் பாதியாகிவிடும்.

இரண்டு எல்லைகளை நினைவில் வையுங்கள். நட்டம் வந்தால் பங்கு பிரிக்கக் கூடாது, முழுவதையும் அந்த ஆண்டிலேயே எழுதவேண்டும். வேலை ஏறத்தாழ முடிந்து, மீதிச் செலவின் மதிப்பீடும் வினாவில் தரப்பட்டிருந்தால் மூன்றில் இரண்டு பொருந்தாது. மொத்த ஒப்பந்தத்தின் மதிப்பிட்ட லாபத்திலிருந்து தொடங்கவேண்டும். இந்தப் பங்குகளெல்லாம் அடக்கவிலைப் பாடத்தின் மரபு. நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கில் ஏ.எஸ். 7 போன்ற கணக்கியல் தரநிலைகள் வேறு வழி சொல்கின்றன, இரண்டையும் ஒரே விடையில் கலக்காதீர்கள்.

விடை சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. எடுக்காமல் விட்ட லாபம் 2,64,000. இருப்புநிலைக் குறிப்பில் நடப்பு வேலை: 20,60,000-இலிருந்து 2,64,000-ஐயும் வந்த 16 லட்சத்தையும் கழித்தால் 1,96,000. இதையே மறுபக்கமாகப் போடுங்கள்: செலவு 17 லட்சம், எடுத்த லாபம் 96,000, கூட்டி 16 லட்சத்தைக் கழித்தால் அதே 1,96,000. இரண்டும் ஒட்டவில்லையென்றால் ரிட்டென்ஷன் தொகை எங்கோ நுழைந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.