ஒளு ஆயத்தில் ஒரு ஜபரும் ஒரு ஜேரும்: நஹ்வு கேள்வி பதில்

மேலப்பாளையம், மதரஸா மாணவர்: ஹஜ்ரத், மாயிதா சூரா 6ஆம் ஆயத்தில் "பிருஊஸிகும்" என்று ஜேர் வருது, அடுத்ததே "வஅர்ஜுலகும்" என்று லாமுக்கு ஜபர். தலையை மஸஹ் செய்யச் சொல்லிவிட்டு உடனே காலைச் சொல்லும்போது, காலைக் கழுவணும்னு எப்படி எடுக்கிறோம்?

தம்பி, ஃபிக்ஹ் கிதாபை மூடி வைத்துவிட்டு முதலில் இஃராபை, அதாவது சொல்லின் கடைசி ஹரகத் காட்டும் இலக்கண நிலையை மட்டும் பாருங்கள். ஆயத்தின் ஒளுப் பகுதியில் ஏவல் வினை இரண்டு. "ஃபக்ஸிலூ", கழுவுங்கள். அதற்குச் செயப்படுபொருளாக, மஃப்ஊலாக, "வுஜூஹகும்" ஜபரோடு வருகிறது, அதன் மேல் "அய்தியகும்" அத்ஃப் ஆகிறது, அதாவது "வாவ்" கொண்டு சேர்கிறது. அடுத்தது "வம்ஸஹூ", தடவுங்கள். அது "பா"வின் வழியாக "ருஊஸிகும்" என்பதைப் பிடிக்கிறது. இப்போது "அர்ஜுலகும்" ஜபரோடு நிற்கிறது. ஜபர் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

பக்கத்திலுள்ள "ருஊஸி"யின் சொல்லைப் பின்பற்றியிருந்தால் ஜேர் வந்திருக்கும். வரவில்லை. ஆகவே முன்னே ஜபரோடு நிற்கிற "வுஜூஹகும்" மேல் அத்ஃப் என்று கொள்கிறோம். முகத்தை, கைகளை, கால்களைக் கழுவுங்கள். நடுவில் தலை மஸஹ். நாலு மத்ஹபின் பெரும்பாலான அறிஞர்கள் எடுத்த வழி இது.

தமிழ் தர்ஜுமாவை வைத்து இதைப் படித்தால் பிடிபடாது. நமக்கு முகத்தை, தலையை, காலை என்று எல்லாமே "ஐ" தான். கழுவுவதற்கும் தடவுவதற்கும் ஒரே உருபு வருவதால், அரபியில் ஒரு ஹரகத் காட்டுகிற வேறுபாடு தமிழில் மறைந்துபோகிறது. அதனால்தான் பெயர்ப்பாளர்கள் காலுக்குப் பக்கத்தில் "கழுவுங்கள்" என்று அடைப்புக்குறி போட நேர்கிறது. அந்த அடைப்புக்குறி ஒரு தீர்ப்பு என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கடையநல்லூர் வாசகர்: அப்புறம் என்ன ஹஜ்ரத் பிரச்சினை? முஸ்ஹஃபிலேயே ஜபர் அச்சாகி இருக்கு. ஜேர் வைத்து ஓதுவது ஷீஆக்கள் கிளப்பினது. அதோடு முடிஞ்சது.

முதல் பாதி சரி, இரண்டாவது சரியில்லை. நம் வீடுகளில் இருக்கிற முஸ்ஹஃப் ஆஸிமிடமிருந்து ஹஃப்ஸ் அறிவித்த ஓதல், அதில் ஜபர். நாஃபிஉ, இப்னு ஆமிர், கிஸாயீ ஆகியோரும் ஜபரோடு ஓதினார்கள். ஆனால் மக்காவின் இப்னு கஸீர், பஸராவின் அபூ அம்ர், கூஃபாவின் ஹம்ஸா ஆகியோர் ஜேரோடு "வஅர்ஜுலிகும்" என்று ஓதினார்கள். ஆஸிமின் இன்னொரு மாணவரான ஷுஃபாவும் அப்படியே அறிவிக்கிறார். ஒரே உஸ்தாதிடம் ஓதிய இரண்டு பேர், இரண்டு ஹரகத். ஏழு கிராஅத்துக்குள் இரண்டுமே நிற்கின்றன; ஒன்றைத் தள்ள நமக்கு உரிமை இல்லை.

ஆகவே கழுவ வேண்டும் என்று சொல்பவர் ஜேருக்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லப்பட்ட பதில்கள் எல்லாம் ஒரே பலம் உள்ளவை அல்ல.

பலர் முதலில் நீட்டுவது "ஜர்ருல் ஜிவார்", அதாவது பக்கத்துச் சொல்லின் ஜேர் தொற்றிக்கொண்டது என்பது. சான்று: "ஹாதா ஜுஹ்ரு ளப்பின் கரிபின்". இது இடிந்துபோன உடும்புப் பொந்து. இடிந்தது பொந்துதான், உடும்பு இல்லை. பொந்துக்குப் பேஷ் இருப்பதால் "கரிபுன்" என்று வர வேண்டும். பக்கத்தில் உடும்பின் ஜேர் இருந்ததால் அதுவும் ஜேர் வாங்கிவிட்டது. அபுல் பகாஃ உக்பரீ இதை ஆயத்துக்கும் பொருத்துகிறார். ஸஜ்ஜாஜ் போன்ற பழைய நஹ்விகள் அல்லாஹ்வின் வேதத்தில் இது செல்லாது என்றார்கள். அவர்கள் பக்க நியாயம் வலுவானது. உடும்பு வாக்கியத்தில் இடையில் "வாவ்" இல்லை. ஆயத்தில் "வாவ்" நின்று இரண்டையும் பிரிக்கிறது. அதோடு உடும்பு இடிந்துபோகாது என்பது எல்லோருக்கும் தெரியும், குழப்பம் வராது. ஆயத்தில் காலைக் கழுவவும் முடியும், தடவவும் முடியும்; குழப்பம் வரும் இடம். இந்தப் பதிலை மட்டும் நம்பி வாதத்துக்குப் போகாதீர்கள்.

இதைவிட உறுதியானது ஸமக்ஷரீ பலாகா என்ற சொல்நயக் கலை வழியாகச் சொன்னது. கழுவும் மூன்று உறுப்புகளில் கால்தான் தண்ணீரை ஊற்றிக் கழுவுகிற இடம், வீண்செலவு நடக்கிற இடம். அதனால் தடவப்படும் தலையோடு அதைச் சேர்த்துச் சொன்னது, தடவுவதற்காக அல்ல, தண்ணீரில் சிக்கனத்துக்காக. தடவுவதாக நினைத்துவிடக் கூடாது என்று "இலல் கஃபைன்" என்ற எல்லையும் வந்தது. ஷரீஅத்தில் மஸஹுக்கு எல்லை போட்டுச் சொல்லும் வழக்கம் இல்லை என்கிறார். தலைக்கு எல்லை இல்லை, கைக்கு உண்டு, காலுக்கு உண்டு. ஆயத்தைத் திரும்ப ஓதிப் பாருங்கள், தெரியும்.

ஜபர் வெறுங்காலுக்கு, ஜேர் காலுறையின் மேல் மஸஹ் செய்வதற்கு என்று இரண்டு ஓதலையும் இரண்டு நிலைமைக்குப் பிரித்தவர்களும் உண்டு.

காயல்பட்டினம், அல்ஃபிய்யா முடித்த ஒருவர்: காக்கா, நீங்க ஒண்ணை விட்டுட்டீங்க. "பிருஊஸிகும்" சொல்லில்தான் ஜேர். இடத்தைப் பார்த்தா அது மஃப்ஊல், நஸபுடைய மஹல், அதாவது ஜபர் வர வேண்டிய இடம். மஹல்லின் மேல் அத்ஃப் வச்சா, ஜபர் ஓதியும் மஸஹ்தானே வரும்? நஹ்வு இதைத் தடுக்குமா?

தடுக்காது. ஷீஆக்களில் இமாமிய்யாக்கள் ஜபருக்குச் சொல்லும் விளக்கம் இதுதான். அரபியில் இது நடக்கக்கூடியது. "ஃபலஸ்னா பில்ஜிபாலி வலல் ஹதீதா" என்ற அடியை ஸீபவைஹி இதற்குத்தான் எடுத்துக்காட்டுகிறார். "ஜிபாலி" ஜேர், அதன் மஹல்லைப் பார்த்து "ஹதீதா" ஜபர். அருகில் இருப்பதோடு சேர்ப்பது இதற்கு ஒரு கூடுதல் பலம். நாம் "வுஜூஹ்" வரை பின்னால் போகும்போது இடையில் ஒரு முழு வாக்கியத்தை, ஜும்லாவைத் தாண்டுகிறோம். அதற்கு நாமும் காரணம் காட்ட வேண்டும்.

கழுவ வேண்டும் என்பவர்கள் கையில் இருப்பது ஆயத்தின் ஒளுப் பகுதியின் கடைசிச் சொல். கைக்கு "மராஃபிக்" என்று பன்மை, காலுக்கு "கஃபைன்" என்று இருமை. பன்மைக்கு எதிரே பன்மை வந்தால் ஆளுக்கொன்றாகப் பிரியும்: ஒவ்வொரு கைக்கும் ஒரு முழங்கை. காலுக்கு அந்த நடையை விட்டு இருமைக்கு மாறியது, ஒவ்வொரு காலிலும் இரண்டு கஃப் உண்டு என்பதற்காக. அப்படியானால் கஃப் என்பது பாதத்தின் மேற்புறம் எழும்பி நிற்கும் எலும்பு இல்லை, இரு பக்கமும் உள்ள கணுக்கால் முட்டு. எல்லை இரு பக்கத்து முட்டு என்றால், பாதத்தின் மேலே ஈரவிரலை இழுப்பதைவிடச் சுற்றிக் கழுவுவதுதான் பொருந்துகிறது.

இதுவும் சாய்வுதான், முடிவு இல்லை. ஸுன்னத் ஜமாஅத்தில் இதை முடித்துவைத்தது நபியின் ஒளுவைப் பார்த்தவர்கள் சொன்னதும், குதிகாலை நனையவிடாமல் அவசரமாகத் தடவிப் போனவர்களை எச்சரித்து "வைலுன் லில் அஃகாபி மினன் னார்" என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸும். நஹ்வு கதவுகளைக் காட்டும். எதில் நுழைவது என்று சிலபோது வேறு ஆதாரம்தான் சொல்லும்.

பேட்டை, பெண்கள் மதரஸா ஆசிரியை: எங்க வகுப்பில் ஷாஃபிஈ பிள்ளைகளும் ஹனஃபி பிள்ளைகளும் இருக்காங்க. கொஞ்சம் முடியைத் தடவினாலே போதும்னு ஒருத்தி, தலையில் கால்பங்குன்னு ஒருத்தி. இரண்டும் "பிருஊஸிகும்" என்ற "பா"விலிருந்துதான் வருதுன்னு சொல்லிக்கொடுக்கலாமா?

சொல்லிக்கொடுக்கலாம்மா, ஒரு எச்சரிக்கையோடு. "பா" என்றால் "சிலது" என்று அர்த்தம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த அர்த்தத்தை எங்கள் ஆட்கள் அறிய மாட்டார்கள் என்று இப்னு ஜின்னியே மறுத்திருக்கிறார். "பா"வின் அடிப்படை வேலை ஒட்டவைப்பது.

ஹனஃபி உஸூல் அறிஞர்கள் அந்த ஒட்டுதலிலிருந்தே போகிறார்கள். "மஸஹ்துல் ஹாயித்த பியதீ", சுவரைக் கையால் தடவினேன். இங்கே "பா" கருவியின் மேல்; சுவர் முழுவதும் பேச்சுக்குள் வரும். "மஸஹ்து யதீ பில்ஹாயித்தி", கையைச் சுவரில் தடவினேன். இப்போது "பா" இடத்தின் மேல். சுவர் முழுக்கத் தேவையில்லை, கை பதிகிற அளவு போதும். ஆயத்தில் "பா" தலையின் மேல், அதாவது இடத்தின் மேல். எவ்வளவு என்பதை "பா" சொல்லவில்லை. முகீரா இப்னு ஷுஃபா அறிவிக்கும், முன்நெற்றி முடியில் மஸஹ் செய்த ஹதீஸிலிருந்து கால்பங்கை எடுத்தார்கள். ஷாஃபிஈகள் மஸஹ் என்ற பெயர் பொருந்துகிற குறைந்த அளவில் நிற்கிறார்கள். மாலிகிகள் முழுத் தலை என்கிறார்கள்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி கேட்பாள்: அதே ஆயத்தில் தயம்மும் வருகிறதே, "ஃபம்ஸஹூ பிவுஜூஹிகும்", அங்கேயும் "பா" இருக்கிறது, முகத்தில் பாதியைத் தடவினால் போதுமா? போதாது என்று இரண்டு மத்ஹபும் சொல்கின்றன. தயம்மும் கழுவுவதற்குப் பதிலாக வந்தது, எனவே கழுவும் அளவையே எடுக்கும் என்பது பதில். ஆனால் கவனியுங்கள், அந்தப் பதில் நஹ்விலிருந்து வரவில்லை. மாலிகிகள் இந்த இடத்தைத்தான் பிடித்துக் கேட்கிறார்கள்.

மேலப்பாளையம், இன்னொருவர்: எங்க குடும்ப வக்ஃப் பத்திரத்தில் "கிழக்கே பாளையங்கால் வரை" என்று இருக்கு. "இலல் மராஃபிக்" என்பதில் முழங்கை சேரும்னா, வாய்க்கால் கரையும் எங்களுக்குச் சேருமா?

"இலா" தானாகச் சேர்ப்பதும் இல்லை, விலக்குவதும் இல்லை. ஹனஃபிகள் சொல்லும் சோதனை இது: எல்லையைச் சொல்லாவிட்டால் பேச்சு எதுவரை போகும்? "யத்" என்றால் அரபியில் தோள்பட்டை வரை போகும். அங்கே "இலா" வந்தது முழங்கைக்கு அப்பாலுள்ளதைக் கழிக்க. முழங்கை உள்ளேயே இருக்கும். "ஸும்ம அதிம்முஸ் ஸியாம இலல் லைல்" என்பதில் நோன்பு பகலில். இரவு அதன் இனமில்லை, அதனால் வெளியே. முழங்கையும் வெளியே என்று ஹனஃபிகளுக்குள் ஸுஃபர் மட்டும் நின்றார். "இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை விற்றேன்" என்றால் சுவர்கள் விற்பனையில் சேராது, அவை தனியே நிற்கும் பொருள்கள்.

இந்தச் சோதனைப்படி உங்கள் வாய்க்கால் வெளியே நிற்கும். ஆனால் உங்கள் பத்திரம் தமிழில், தமிழ் வழக்கில் எழுதினது. அதற்கு அரபி "இலா"வைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். சர்வே எண், அளவு, ஊர் வழக்கு இவைதான் பேசும். பத்திரம் பார்க்கத் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள்.

சேரன்மகாதேவி வாசகர்: ஆத்துல ஒரே முங்கு முங்கி எழுந்தா ஒளு கூடுமா? வரிசை முக்கியம்னு ஒருத்தர், இல்லைன்னு ஒருத்தர்.

முங்கினதற்கான சட்டத்தை உங்கள் பள்ளி இமாமிடம் கேளுங்கள், அதில் நிய்யத்தும் மத்ஹபும் கலந்திருக்கும். வரிசை பற்றிய நஹ்வை மட்டும் சொல்கிறேன்.

"வாவ்" சேர்க்கும், வரிசைப்படுத்தாது. பனீ இஸ்ராயீல் ஊருக்குள் நுழைந்த ஒரே நிகழ்ச்சியை பகரா 58இல் "வாசலில் ஸுஜூதாக நுழையுங்கள், ஹித்ததுன் என்று சொல்லுங்கள்" என்றும், அஃராஃப் 161இல் சொல்வதை முன்னால் வைத்தும் குர்ஆன் சொல்கிறது. "வாவ்" வரிசைக்கானது என்றால் இரண்டும் மோதும். இதனால் ஹனஃபிகளுக்கு வரிசை ஸுன்னத், ஃபர்ளு இல்லை.

ஷாஃபிஈகள் "வாவை" நம்பி வரவில்லை, பலாகா வழியாக வருகிறார்கள். கழுவுகிற மூன்றையும் ஒன்றாகச் சொல்லிவிட்டுத் தடவுகிற ஒன்றைக் கடைசியில் சொல்வதுதான் அரபியின் இயல்பான நடை. அதைப் பிளந்து நடுவில் தலையை வைத்தால், அதற்கொரு பயன் இருக்க வேண்டும். அந்தப் பயன் வரிசைதான். மேலே முதல் கேள்வியில் இடையிலுள்ள ஜும்லாவைத் தாண்டியதற்குச் சொல்ல வேண்டிய காரணமும் அவர்களுக்கு இதுவே. ஸமக்ஷரீயின் சிக்கனக் காரணத்தை ஏற்றால், பயன் வேறொன்று கிடைத்துவிடும், இந்த வாதம் தளரும். இரண்டையும் ஒரே கையில் பிடிக்க முடியுமா என்பதில் எனக்கு நிறைவான பதில் இன்னும் கிடைக்கவில்லை. காயல்பட்டினத்து நண்பர் இதற்கு என்ன சொல்கிறார் என்று கேட்க ஆசை.