புது ஜெர்மன் ஆசிரியரோடு முதல் ஆன்லைன் வகுப்பு: கேள்வி பதில்

கேள்வி (செவிலியர், திருச்சி): அக்கா, சனிக்கிழமை அரை மணி நேர ட்ரையல் வகுப்பு. ஏ2 முடித்துவிட்டேன், அடுத்து பி1 எழுத வேண்டும். பேசுவதற்கு என்ன தயார் செய்துகொண்டு போகட்டும்?

பதில்: ஒரே ஒரு சம்பவம் போதும். குடும்பம், பொழுதுபோக்கு எல்லாம் வேண்டாம், அவை ஏ1-லிருந்தே மனப்பாடம் ஆகிவிட்டிருக்கும். உங்களுக்கு நடந்த, தமிழில் ஏற்கெனவே நாலு பேரிடம் சொல்லிச் சிரித்த ஒன்றை எடுங்கள். ரயிலைத் தவறவிட்ட கதை என்று வைத்துக்கொள்வோம். 'ஓடினேன்' என்பதற்கு ஜெர்மனில் துணைவினையாக 'பின்' போட வேண்டும், 'தவறவிட்டேன்' என்பதற்கு 'ஹாபே'. ஏன் தவறியது என்று சொல்ல 'வைல்' வந்தால், வினைச்சொல் தமிழில் போலவே வாக்கியக் கடைசிக்குப் போகும். நீங்கள் எங்கே தடுக்கி விழுகிறீர்கள் என்பது இரண்டே நிமிடத்தில் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

தாளில் எட்டு, பத்து சொற்களை மட்டும் எழுதுங்கள். பெயர்ச்சொல் என்றால் டெர், டீ, டாஸ் எது என்பதோடு. முழு வாக்கியம் எழுத வேண்டாம். நான் முதல் முறை ஒரு பக்கம் எழுதி வைத்து, பார்க்காத மாதிரி வாசித்தேன். ஆசிரியர் அசந்துபோய் பி1 புத்தகத்தின் நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டார். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டபோதெல்லாம் நான் முழித்தேன். என் உண்மையான நிலை அவருக்குப் புரிவதற்குள் மூன்று வகுப்புக் காசு போய்விட்டது.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): பாடம் தயாரிப்பது ஆசிரியர் வேலைதானே? காசு கொடுப்பது எதற்கு?

பதில்: பாதி சரி. எந்த இலக்கணம் முதலில், எது அப்புறம் என்பது அவர் பாடு. ஆனால் உங்களுக்கு எந்த மாதம் தேர்வு, எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதை அவர் எப்படி ஊகிப்பார்? இரண்டு நாள் முன்பே ஐந்தாறு வரிச் செய்தி அனுப்புங்கள்: எதுவரை படித்தேன், எந்தத் தேர்வு, எப்போது, எது வரவில்லை, வகுப்பில் எந்தச் சம்பவத்தைச் சொல்லப்போகிறேன். அதை ஜெர்மனிலேயே, மொழிபெயர்ப்புச் செயலியைத் தொடாமல் எழுதுங்கள். தப்போடு போகட்டும். உங்கள் எழுத்துக்கு அதுதான் மாதிரி.

கேள்வி (பொறியாளர், சென்னை): நான் ஆசிரியருக்கு இருநூறு பக்கப் பாடநூல் பிடிஎஃப், கதே இன்ஸ்டிட்யூட் பி1 மாதிரித் தேர்வு, என் பழைய நோட்டுப் படங்கள் எல்லாம் அனுப்பிவிட்டேன். பதிலே இல்லை. கோபமா?

பதில்: கோபம் இருக்காது, மலைப்பாக இருக்கும். பெரும்பாலான ஆசிரியர்களுக்கு வகுப்பு நேரத்துக்குத்தான் காசு, அதற்கு முன் படிக்கும் நேரத்துக்கு இல்லை. ஒரு பக்கம் அனுப்பினால் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.

எந்தப் பக்கம் என்றால், மாதிரித் தேர்வின் பேச்சுப் பகுதியில் இரண்டாவது. முதல் பகுதி இன்னொருவரோடு சேர்ந்து ஒன்றைத் திட்டமிடுவது, ட்ரையலில் அதற்கு நேரம் பத்தாது. இரண்டாவதில் ஒரு தலைப்பைப் பற்றி நீங்களே பேச வேண்டும். ஐந்து கட்டம் இருக்கும்: தலைப்பை அறிமுகம் செய்வது, சொந்த அனுபவம், நம் ஊரில் நிலைமை, நல்லது கெட்டதோடு உங்கள் கருத்து, முடித்து நன்றி சொல்வது. இதில் 'சொந்த அனுபவம்' கட்டத்தை மட்டும் முதல் வகுப்பில் எடுங்கள். மேலே சொன்ன சம்பவத்தையே அங்கே பொருத்த முடிந்தால் இரட்டை லாபம். மற்ற நான்கும் பிறகு.

கேள்வி (இல்லத்தரசி, மதுரை): முதல் வகுப்புக்கு எந்த ஹெட்போன் வாங்கலாம்?

பதில்: நான் சொல்ல வந்தது அதில்லை, சரி. போனோடு வந்த வயர் இயர்போன் போதும். அதைவிடக் கடிகாரத்தைப் பாருங்கள். ஆசிரியர் ஜெர்மனியில் இருந்தால் கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். அந்த வாரங்களில் வகுப்பு என்றால் "இந்திய நேரம் இத்தனை மணி" என்று எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஆசிரியப் பயிற்சி மாணவி, சேலம்): தப்பை உடனே திருத்தச் சொல்வதா, முடிந்த பிறகா? என் ஆசிரியை ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தினார், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பதில்: கதை சொல்லும் இரண்டு நிமிடம் நிறுத்தாமல் விடச் சொல்வேன். தப்புகளை அவர் ஒரு கூகுள் டாக்கில் குறித்துவைக்கட்டும், பிறகு சேர்ந்து பார்க்கலாம். அந்த ஆவணத்தை நீங்களே முன்கூட்டித் திறந்து பகிர்ந்துவிடுங்கள்.

திருச்சி செவிலியர்: எனக்கு நேர்மாறு அக்கா. உடனே திருத்தாவிட்டால் அந்தத் தப்பே வாயில் பழகிவிடுகிறது.

பதில்: என் தங்கையும் இதையேதான் சொல்வாள், நாங்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அப்படியானால் 'பின்', 'ஹாபே' தப்பை மட்டும் உடனே திருத்தச் சொல்லுங்கள், மற்றது டாக்கில். அதையும் அந்தச் செய்தியிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.